ஐபோன் 14-ஐ இப்போதே விற்பதா, தீபாவளி ஆஃபரில் எக்ஸ்சேஞ்ச் போடுவதா?

காவேரிப்பட்டணம்_கார்த்தி · 16 ஆகஸ்ட் 2025, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஐபோன் 14, 128 ஜிபி இருக்கிறது. 2023 அக்டோபரில் ஆஃபரில் கார்டு தள்ளுபடி எல்லாம் போக 54,000 ரூபாய்க்கு வாங்கியது. பில், பெட்டி இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. ஸ்கிரீன் மாற்றியதில்லை. பேட்டரி ஹெல்த் 84 சதவீதம். ஓரத்தில் ஒரே ஒரு கீறல், கவர் போட்டால் தெரியாது.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் கேட்டேன், 25,000 தருவதாகச் சொன்னார்கள். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளும் ஆன்லைன்காரர்கள் 27,000 வரை என்று காட்டுகிறார்கள். அந்த "வரை" என்ற சொல்லைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. அடுத்து வாங்க நினைப்பது ஐபோன் 16. செப்டம்பர், அக்டோபரில் ஆஃபர் வரும், அப்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து வாங்கலாம் என்று அண்ணன் சொல்கிறான். இப்போதே விற்றுவிடு என்கிறான் நண்பன். எது சரி?

---

ஓசூர்_விக்கி · 16 ஆகஸ்ட், இரவு 10:05

ப்ரோ, ஐபோனுக்கு ரீசேல் வேல்யூ குறையவே குறையாது, ஆண்ட்ராய்டு மாதிரி இல்லை. பொறுமையாக இருங்கள். அதோடு நேற்று சுதந்திர தின உரையில் பிரதமர் தீபாவளிக்கு ஜிஎஸ்டி குறையும் என்று சொல்லிவிட்டார். புது போன் விலை இறங்கும், எக்ஸ்சேஞ்ச் போனஸும் கிடைக்கும், இரண்டு பக்கமும் லாபம். நான் என் 13-ஐ அப்படித்தான் தரப்போகிறேன்.

---

செகண்ட்ஸ்கடை_தர்மபுரி · 16 ஆகஸ்ட், இரவு 11:20

கார்த்தி தம்பி, நான் பதினொரு வருடமாகத் தர்மபுரியில் பழைய போன் வாங்கி விற்கிறேன். எனவே நான் சொல்வதில் என் வியாபாரமும் கலந்திருக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் விக்கி தம்பிக்கு. போனுக்கு இப்போதே 18 சதவீதம்தான் ஜிஎஸ்டி. 12, 28 இரண்டையும் எடுத்துவிட்டு 5, 18 மட்டும் வைப்பதாகத்தான் பேச்சு. ஏசி, பெரிய டிவிக்கு 28 இருப்பதால் அவை இறங்கலாம். போன் ஏற்கெனவே 18-ல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன் விலை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது அப்படி இறங்குவதில்லை, படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. பல மாதம் ஒரே படியில் நிற்கும், பிறகு இரண்டு மூன்று வாரத்தில் சடாரென்று ஒரு படி கீழே போய்விடும்.

ஐபோன் 14-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் 79,900-க்கு வந்தது. அடுத்த செப்டம்பரில் 15 வந்த அன்றே 14-இன் விலை 69,900. 2024 செப்டம்பரில் 16 வந்தபோது 59,900. இந்த பிப்ரவரியில் 16e வந்ததும் 14-ஐக் கம்பெனியே நிறுத்திவிட்டது. இது வெறும் அறிவிப்பு விலை. உண்மையான அடி இரண்டு மூன்று வாரம் கழித்து, ஆன்லைன் திருவிழா ஆஃபரில் விழுகிறது.

என் கடை நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். போன வருடம் ஆகஸ்டில் நல்ல நிலையில் இருந்த 13, 128 ஜிபியை 27,000-க்கு எடுத்தேன். அக்டோபர் கடைசியில் அதே நிலையில் இருந்த இன்னொன்றை 23,000-க்கு எடுத்தேன். இந்த ஜூலையில் ஒன்று 19,000-க்கு எடுத்தேன். கணக்குப் பாருங்கள்: இரண்டு மாதத்தில் 4,000, அதற்குப் பிறகு ஒன்பது மாதத்தில் 4,000.

---

கணக்கு_டீச்சர்_அரூர் · 17 ஆகஸ்ட், காலை 7:15

அதாவது மாதம் 2,000 வீதம் இறங்கியது, அப்புறம் மாதம் 450 கூட இல்லை. இதைத்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. "54,000-க்கு வாங்கி 25,000-க்கு விற்கிறேன், 29,000 போச்சு" என்று வருத்தப்படுகிறார்கள். போனது போய்விட்டது. இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தால் எவ்வளவு போகும் என்பதுதான் கேள்வி.

நான் மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த விளையாட்டே பிடிக்கவில்லை. கார்த்தி 22 மாதத்துக்கு மாதம் 1,300 சொச்சம் கொடுத்திருக்கிறார். நான் என் தம்பி விற்ற இரண்டு வருடப் போனை வாங்கி நாலாவது வருடமாக வைத்திருக்கிறேன், மாதம் 300 கூட ஆகவில்லை. வாட்ஸ்அப், வங்கி ஆப், பள்ளி ஆப் எல்லாம் ஓடுகின்றன.

---

காவேரிப்பட்டணம்_கார்த்தி · 17 ஆகஸ்ட், காலை 8:30

டீச்சர், நீங்கள் சொல்வது நியாயம்தான். நான் கல்யாண வீடியோ எடுப்பவன், கேமரா வேண்டும். செகண்ட்ஸ் அண்ணா, ஒரு சந்தேகம். 14-ஐக் கம்பெனி நிறுத்தியே ஆறு மாதம் ஆகிவிட்டது. புதிதாக 17 வந்தால் இதன் விலை ஏன் இறங்க வேண்டும்? 14-க்கும் 17-க்கும் என்ன சம்பந்தம்?

---

செகண்ட்ஸ்கடை_தர்மபுரி · 17 ஆகஸ்ட், மதியம் 2:10

நல்ல கேள்வி தம்பி. என்னிடம் 14 வாங்க வருபவர் கையில் 30,000 வைத்திருக்கிறார். அந்தப் பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் வருவார். ஆஃபரில் புது 16 விலை விழுந்தால் பழைய 15-ஐ முன்பு சொன்ன விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள், அது இறங்கும். 15 இறங்கினால் 14-ஐ அதற்குக் கீழேதான் வைக்க முடியும். மேலே ஒருவர் நகர்ந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் நகர வேண்டியதுதான்.

இரண்டாவது காரணம் சரக்கு. ஆஃபரில் புது போன் வந்ததும் எல்லோரும் பழையதை ஒரே நேரத்தில் விற்க வருகிறார்கள். போன அக்டோபரில் ஒரே வாரத்தில் ஒன்பது 13 வந்தது. என் பணம் டிராயரில் போனாக முடங்கிக் கிடக்கும்போது பத்தாவது ஆளுக்கு நான் எப்படி நல்ல விலை சொல்வேன்? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கதையே வேறு. மாங்காய் சீசன் காசு கையில் இருக்கும், பர்கூர், தர்மபுரி என்று கல்லூரி சேரும் பிள்ளைகள் போன் கேட்பார்கள், விற்க வருபவர்கள் குறைவு.

பேட்டரியிலும் ஒரு படி இருக்கிறது. 14 வரைக்கும் உள்ள மாடல்களுக்கு, 500 முறை முழுதாக சார்ஜ் ஆனால் 80 சதவீதம் தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. 80-க்குக் கீழே போனால் சர்வீஸ் செய்யச் சொல்லி போனே எழுதிக்காட்டும். 83 இருந்தாலும் 81 இருந்தாலும் நான் ஒரே விலைதான் சொல்வேன். 79 என்றால் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் குறைத்துத்தான் கேட்பேன். கார்த்தி தம்பிக்கு 22 மாதத்தில் 16 போயிருக்கிறது. அப்படிப் பார்த்தால் பொங்கல் தாண்டி 80-ஐத் தொடும்.

---

பாலக்கோடு_தக்காளி · 17 ஆகஸ்ட், மாலை 4:45

அண்ணா, என் ஆண்ட்ராய்டு போனில் போன மாதம் அப்டேட் போட்டதும் திரையில் பச்சைக் கோடு விழுந்துவிட்டது. 28,000-க்கு வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. இதை எப்போது விற்றால் நல்ல விலை வரும்? தீபாவளிக்கு முன்பா, பின்பா?

---

ஓசூர்_விக்கி · 17 ஆகஸ்ட், மாலை 5:30

தக்காளி ப்ரோ 😂 கோடு விழுவதற்கு முன்பு.

செகண்ட்ஸ் அண்ணா, எக்ஸ்சேஞ்ச் போனஸை நீங்கள் கணக்கில் எடுக்கவே இல்லையே. என் 13-க்கு கடையில் 18,000 சொல்கிறார்கள். போன ஆஃபரில் போனஸ் மட்டும் 5,000 வரை போட்டார்கள். அப்போது எக்ஸ்சேஞ்ச்தானே லாபம்? அதோடு பேட்டரியை வெளியில் 2,000-க்கு மாற்றிவிட்டால் 100 சதவீதம் காட்டும், விலையும் ஏறும்.

---

செகண்ட்ஸ்கடை_தர்மபுரி · 17 ஆகஸ்ட், இரவு 10:50

விக்கி தம்பி, பேட்டரியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். இப்போதெல்லாம் ஐபோனில் `Settings > General > About` போனால் எந்த பாகத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கும். வெளிக்கடை பேட்டரி என்றால் `Unknown Part` என்று வரும். அதைப் பார்த்ததும், உள்ளே வேறு என்ன செய்திருக்கிறார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும். 82 சதவீத ஒரிஜினல் பேட்டரிக்கு நான் கொடுக்கும் விலையை அதற்குத் தரமாட்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாற்றினால் சுத்தமாகக் காட்டும், ஆனால் போட்ட செலவு விற்பனையில் திரும்பாது. மாற்றினால் நீங்களே இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ள மாற்றுங்கள்.

போனஸைப் பற்றி. அது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள்: எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அந்தப் புது போன் அன்று என்ன விலை, உங்கள் பழைய போனுக்கு அவர்கள் போடும் விலை, போனஸ். பல முறை பழைய போன் விலையை 15,000 என்று வைத்து, அதற்கு மேல் 4,000 போனஸ் கொடுத்து 19,000 ஆக்குவார்கள். அது வெளியில் கிடைக்கும் விலைதான். சில சமயம் கார்டு தள்ளுபடியும் போனஸும் சேர்ந்து கிடைக்காது. கடைசிப் பக்கம் வரை போய் கட்ட வேண்டிய தொகையைப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் வாசலில் நடப்பது. டெலிவரிக்கு வருபவர் போனை வாங்கிப் பார்ப்பார். கீறல், பேட்டரி என்று ஏதாவது சொல்லிக் குறைக்கலாம், வேண்டாம் என்றே திருப்பலாம். உங்கள் ஊர் பின்கோடுக்கு எக்ஸ்சேஞ்ச் இருக்கிறதா என்பதையும் முன்பே பாருங்கள். ஊத்தங்கரை பக்கத்து கிராமங்களில் புது போன் வரும், பழையதை எடுக்க மட்டும் வராது என்று பல பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இத்தனையும் இல்லாவிட்டாலும் எக்ஸ்சேஞ்சில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. புது போன் வாங்க நல்ல நேரம் படி இறங்கிய பிறகு. பழையதை விற்க நல்ல நேரம் படி இறங்குவதற்கு முன்பு. எக்ஸ்சேஞ்சில் இரண்டையும் ஒரே நாளில் செய்கிறீர்கள். நடுவில் ஐந்தாறு வாரம் வேறு போனில் ஓட்ட முடிந்தவர்களுக்குத்தான் இரண்டு பக்கமும் லாபம்.

பாலக்கோடு தம்பி, கோடு விழுந்த போனுக்கு எந்த மாதமும் ஒரே மாதம்தான். நான் எடுத்தால் போர்டு, கேமரா விலைக்குத்தான் எடுப்பேன், 4,000 வரும். ஸ்கிரீன் மாற்றினால் அதற்கே 10,000-க்கு மேல் கேட்பார்கள், அதுவும் திரும்பாது. ஆனால் இந்தக் கோடு பிரச்சினைக்குச் சில கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரன்டி முடிந்த பிறகும் இலவசமாக ஸ்கிரீன் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி உடையாமல், தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். முதலில் சர்வீஸ் சென்டரில் உங்கள் மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வெளியில் பிரித்துவிட்டால் அந்த வழியும் அடைந்துவிடும்.

---

பர்கூர்_கடைசிபெஞ்ச் · 18 ஆகஸ்ட், காலை 11:00

வாங்குபவன் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. அப்படியென்றால் எனக்கு 14 வேண்டும் என்றால் நவம்பர் வரை காத்திருக்க வேண்டுமா? இப்போது 30,000 சொல்கிறார்கள்.

---

கணக்கு_டீச்சர்_அரூர் · 18 ஆகஸ்ட், மதியம் 1:20

அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள் தம்பி. செகண்ட்ஸ் சார் மனசுக்குள் என்னைத் திட்டுவார்.

---

செகண்ட்ஸ்கடை_தர்மபுரி · 18 ஆகஸ்ட், மதியம் 1:55

திட்டவில்லை டீச்சர், டிராயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பர்கூர் தம்பி, நவம்பர்தான் நல்லது. எங்கு வாங்கினாலும் `*#06#` அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை பில்லோடும் பெட்டியோடும் ஒத்துப் பாருங்கள். `KYM` என்று போட்டு ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், திருட்டு என்று முடக்கப்பட்டதா என்பது தெரியும்.

---

காவேரிப்பட்டணம்_கார்த்தி · 24 ஆகஸ்ட், இரவு 8:15

விற்றுவிட்டேன். ஆன்லைன்காரர்களை ஒரு முறை வரவைத்துப் பார்த்தேன். வந்தவர் கீறல், பேட்டரி, ஸ்பீக்கரில் தூசி என்று 27,000-ஐ 23,400 ஆக்கினார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். மாமா பையன் கல்லூரி சேர்ந்திருக்கிறான், அவனுக்கு 27,500-க்குக் கொடுத்தேன். சொந்தக்காரனுக்கு விற்பதில் ஒரு சிக்கல், நாளைக்கு என்ன ஆனாலும் முதல் போன் எனக்குத்தான் வரும்.

ஐகிளவுடிலிருந்து வெளியேறாமல் ரீசெட் போடப் போனேன். நல்லவேளை, மாமாவே பக்கத்தில் இருந்தார், பாஸ்வேர்டு கேட்டதும் புரிந்தது. அப்படியே கொடுத்திருந்தால் பையன் போனைத் திறக்கவே முடிந்திருக்காது.

இப்போது அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டில் ஓடிக்கொண்டிருக்கிறேன். யுபிஐ ஆப் புதிதாகப் பதிவு செய்ததும் முதல் நாள் சிறிய தொகைக்கு மேல் அனுப்ப விடவில்லை, லைட்மேனுக்குச் சம்பளம் தர ஏடிஎம் போக வேண்டியதாயிற்று. விற்கப்போகிறவர்கள் பெரிய பணம் அனுப்ப வேண்டிய நாளில் போன் மாற்றாதீர்கள்.

---

ஓசூர்_விக்கி · 24 ஆகஸ்ட், இரவு 9:00

அவசரப்பட்டுவிட்டீர்கள் ப்ரோ. பார்க்கலாம்.

---

காவேரிப்பட்டணம்_கார்த்தி · 26 அக்டோபர், காலை 10:30

இரண்டு மாதம் கழித்து இதை எழுதுகிறேன். ஐபோன் 17, செப்டம்பரில் 82,900-க்கு வந்தது, அடிப்படை மாடலே 256 ஜிபி. 16-இன் அறிவிப்பு விலை 69,900 ஆனது. ஆன்லைன் ஆஃபரில் 16-ஐ 51,999 என்று போட்டார்கள். முதல் நாள் பணம் கட்டும் இடத்துக்குப் போவதற்குள் தீர்ந்துவிட்டது, அடுத்த நாள் விடியற்காலையில் கிடைத்தது. அப்படிப் பார்த்தால் என் கையிலிருந்து போனது 24,499 ரூபாய். அதோடு ஐந்து வாரம் அம்மா போன், இரண்டு கல்யாணத்துக்கு நண்பனின் கேமரா இரவல்.

செகண்ட்ஸ் அண்ணா, இப்போது 14 என்ன விலைக்கு எடுக்கிறீர்கள்?

---

செகண்ட்ஸ்கடை_தர்மபுரி · 26 அக்டோபர், மதியம் 12:40

21,500, தம்பி. உங்கள் போன் மாதிரி பில், பெட்டியோடு இருந்தால் 22,000. ஆகஸ்டில் உங்களுக்குச் சொன்ன 25,000-ஐ நானும் கொடுத்திருப்பேன். போன வருடம் மாதிரி 4,000 இறங்கவில்லை, 3,000 முதல் 3,500 வரைதான். ஒவ்வொரு வருடமும் அதே உயரப் படி இருக்காது.

---

ஓசூர்_விக்கி · 26 அக்டோபர், மதியம் 1:30

சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சில் 13-க்கு 13,500, போனஸ் 3,000, மொத்தம் 16,500 போட்டார்கள். ஆகஸ்டில் கடையில் 18,000 சொன்னார்கள். 1,500 நஷ்டம். ஆனால் ஒரு நாள் கூட போன் இல்லாமல் இருக்கவில்லை, பெங்களூருக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவனுக்கு அதுவும் ஒரு விலைதானே. ஐந்து வாரம் பழைய போனில் என்னால் முடியாது. இதை நான் தப்பு என்று ஒத்துக்கொள்ளமாட்டேன்.

---

கணக்கு_டீச்சர்_அரூர் · 26 அக்டோபர், இரவு 7:10

1,500-ஐ 35 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 43 ரூபாய். விக்கி சொல்வதில் தப்பில்லை. என் தங்கையின் 14 இன்னும் கையில் இருக்கிறது, விற்கட்டுமா என்று கேட்கிறாள். இப்போது வேண்டாம் என்று சொன்னேன். சரிதானே சார்?

---

செகண்ட்ஸ்கடை_தர்மபுரி · 26 அக்டோபர், இரவு 9:25

சரிதான் டீச்சர். படி இறங்கியாகிவிட்டது, இனி மெதுவாகத்தான் போகும். அடுத்த ஜூன், ஜூலையில் 18,000 பக்கம் வரலாம், அதுவரை மாதம் 500-க்குள்தான் செலவு. பேட்டரி மட்டும் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். 81 என்றால் யோசிக்க வேண்டும், ஏப்ரலுக்குள் 80-க்குக் கீழே போய்விடும்.

---

பாலக்கோடு_தக்காளி · 27 அக்டோபர், காலை 6:50

செகண்ட்ஸ் அண்ணா, சர்வீஸ் சென்டரில் என் மாடல் அந்த லிஸ்டில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது இரண்டாவது கோடும் விழுந்துவிட்டது. அந்த 4,000 இன்னும் உண்டா?

---

செகண்ட்ஸ்கடை_தர்மபுரி · 27 அக்டோபர், காலை 9:05

3,500. டச் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொண்டு வாங்க.